திரிபலா சூரணமும் நெல்லிப்பொடியும்: நாளுக்கு எவ்வளவு?



திரிபலா என்பது மூன்று காய்களின் உலர்ந்த தோட்டைப் பொடித்துச் சேர்த்த கலவை. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றும் விதை நீக்கப்பட்டு, எடையில் சம அளவாகச் சேர்வது பரவலான வழக்கம். நெல்லிப்பொடி என்பது இம்மூன்றில் ஒன்று மட்டும். இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் ஒரே அலமாரியில் இருப்பதாலும், இரண்டிலும் நெல்லி இருப்பதாலும், இரண்டுக்கும் ஒரே வேலைதான் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. மலச்சிக்கலுக்காகத் தொடங்கிய திரிபலாவை வைட்டமின் சி-க்காகத் தொடர்பவர்களும், வைட்டமின் சி-க்காக வாங்கிய நெல்லிப்பொடியைச் செரிமானத்துக்காகக் கூட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அளவு பற்றிய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே இரண்டு வேலைகளையும் தனித்தனியே பார்த்த பிறகே ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் செரிமானம். மூன்று காய்களிலும் பொதுவாக நிறைந்திருப்பவை துவர்ப்புப் பொருள்களாகிய டானின்கள். நாக்கில் வைத்ததும் வாய் வறண்டு இழுப்பது இவற்றால்தான். இவை புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. குடலில் இறங்கியதும் இவற்றில் ஒரு பகுதியை அங்குள்ள நுண்ணுயிர்கள் சிறு மூலக்கூறுகளாக உடைக்கின்றன. குறிப்பாகக் கடுக்காய்க்கு இதற்கு மேல் மலத்தை இளக்கும் தன்மை ஒன்று உண்டு. இந்த இரண்டு இயல்புகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. துவர்ப்பு குடலைச் சற்று இறுக்கும். கடுக்காயின் இளக்கும் தன்மை மலத்தை நகர்த்தும். சிறிய அளவில் எடுக்கும்போது பெரும்பாலோருக்கு மென்மையான, ஒழுங்கான கழிவும், அளவு கூடக் கூட இளக்கமும் ஏற்படுவது இதனால்தான். இன்னும் கூட்டினால் வயிற்று முறுக்கும் நீர்த்த மலமும் வரும். நீர்த்த மலம் வரும்போது அதை உடலின் கழிவு நீங்குகிறது என்று கொள்வது தவறு. குடல் தன்னிடமுள்ள நீரையும் உப்புகளையும் இழக்கிறது என்பதே அதன் பொருள். அளவு மிகிவிட்டது என்பதற்கான முதல் அடையாளமும் அதுவே.

திரிபலா நார்ச்சத்தால் வேலை செய்கிறது என்ற கருத்தும் பரவலாக இருக்கிறது. ஒரு தேக்கரண்டிப் பொடியின் மொத்த எடையே 3 கிராம்தான். அது முழுவதும் நார் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2,000 கிலோ கலோரி உணவுக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் ஒரு கரண்டிப் பொடி எந்த மாற்றத்தையும் உண்டாக்காது. கீரை, காய், பயறு, தவிடு நீக்காத தானியம், போதிய நீர் ஆகியவை குறைந்திருக்கும் வயிற்றில் திரிபலா தற்காலிகமாக மலத்தை நகர்த்தும்; மலச்சிக்கலின் காரணத்தை நீக்காது. பொடியை நிறுத்தியதும் பழைய நிலை திரும்புவதை வைத்துப் பலர் பொடி இன்றியமையாதது என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் தட்டில் இல்லாத நாரின் இடத்தை அது நிரப்பிக்கொண்டிருந்தது.

அடுத்து, நெஞ்செரிச்சல். நெல்லிப்பொடி புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்தது. வெறும் வயிற்றில் அதைக் கரைத்துக் குடிக்கும்போது சிலருக்கு எரிச்சல் கூடுகிறது. மறுபுறம், ஈரானில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அமிலம் மேலெழும் தொல்லை உடைய 68 பேருக்கு நான்கு வாரம் நெல்லி மாத்திரை கொடுத்தபோது எரிச்சல் குறைந்தது. இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாகத் தோன்றலாம். அந்த ஆய்வில் மாத்திரை உணவுக்குப் பின் தரப்பட்டது. ஒரு நாள் அளவு 2 கிராம்தான். ஆகவே நெல்லிப்பொடியால் எரிச்சல் வருகிறவர் முதலில் மாற்ற வேண்டியவை நேரமும் அளவும். உணவுக்குப் பின், அரைத் தேக்கரண்டி என்று வைத்துப் பார்த்தும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் அவருக்கு அப்பொடி ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம். 68 பேர் கொண்ட ஓர் ஆய்வு ஒரு சுட்டுதலே. அதை நம்பி மருத்துவர் கொடுத்த அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்துவது சரியல்ல.

இனி வைட்டமின் சி. இங்கே கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணை 100 கிராம் நெல்லிக்காய்ச் சதையில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி இருப்பதாகச் சொன்னது. அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் இந்த எண் 252 மில்லிகிராம். ரகம், முதிர்ச்சி, விளைந்த மண் ஆகியவற்றால் வேறுபாடு வருவது ஒரு பக்கம். அளக்கும் முறையும் ஒரு காரணம். பழைய நிறமாற்றச் சோதனையில் வைட்டமின் சி அல்லாத பிற பொருள்களும் சேர்ந்து எண்ணப்பட வாய்ப்பு உண்டு. நெல்லியில் அத்தகைய பொருள்கள் ஏராளம். நெல்லியில் ஆரஞ்சைப் போல இருபது மடங்கு என்பது போன்ற பெரிய பெருக்கல்கள் பெரும்பாலும் பழைய எண்ணிலிருந்தே பிறந்தவை. கையிருப்பைக் குறைத்து மதிப்பிடுவதே பாதுகாப்பானது. ஆகவே கீழே வரும் கணக்கு 252 என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி போதும். பாலூட்டும் தாய்க்கு 115 மில்லிகிராம். சந்தையில் கிடைக்கும் பெரிய நெல்லிக்காய் ஒன்று ஏறத்தாழ 40 கிராம். கொட்டை போனால் 35 கிராம் சதை. அதில் 88 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். அதாவது ஒரே ஒரு பச்சை நெல்லிக்காய் ஒரு நாளைய தேவையை நிறைவு செய்துவிடுகிறது. மலைநெல்லி சிறியது, அதற்கு இரண்டு மூன்று காய்கள் வேண்டியிருக்கும். அரைநெல்லி என்று விற்கும், ஓரத்தில் வரிவரியாக இருக்கும் சிறிய புளிப்புக் காய் வேறொரு மரத்தினுடையது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பொடிக்கு வருவோம். நெல்லிச் சதையில் பெரும்பகுதி நீர். உலர்ந்தால் 100 கிராம் சதை ஏறக்குறைய 15 கிராமாகச் சுருங்கும். ஆகவே ஒரு மட்டத் தேக்கரண்டி, அதாவது 3 கிராம் நெல்லிப்பொடி, 20 கிராம் பச்சைச் சதையிலிருந்து வந்தது. உலர்த்தும்போது ஒன்றும் இழக்காவிட்டால் அதில் 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருந்திருக்கும். ஆனால் வைட்டமின் சி காற்றாலும் வெப்பத்தாலும் ஒளியாலும் சிதையும். நிழலில் சீக்கிரம் உலர்த்திய புதிய பொடியில் பாதி தங்கியிருந்தால் 25 மில்லிகிராம். வெயிலில் பல நாள் காய்ந்து, கடையில் சில மாதம், வீட்டில் சில மாதம் இருந்த பொடியில் நான்கில் மூன்று பங்கு போயிருந்தால் 12 அல்லது 13 மில்லிகிராம். திரிபலாவில் நெல்லி மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதே 3 கிராம் திரிபலாவில், பாதி தங்கியிருந்தால் சுமார் 8 மில்லிகிராம், நான்கில் ஒன்று தங்கியிருந்தால் 4 மில்லிகிராம். இந்த எண்களைப் பார்த்தபின் திரிபலாவை வைட்டமின் சி-க்காக எடுப்பதில் பொருளில்லை என்பது தெளிவாகும். நெல்லிப்பொடி ஓரளவு துணை செய்யும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இந்தப் பற்றாக்குறையைப் பொடியைக் கூட்டி ஈடுகட்ட முயல்வதுதான் வழக்கமான தவறு. 80 மில்லிகிராமைப் பழைய நெல்லிப்பொடியிலிருந்து மட்டும் பெற ஆறேழு மட்டக் கரண்டி, அதாவது ஏறத்தாழ 20 கிராம் வேண்டும். அவ்வளவு டானினும் புளிப்பும் எந்த வயிற்றுக்கும் ஏற்றதல்ல. ஒரு பச்சை நெல்லியோ, பாதி கொய்யாவோ அதே வேலையைச் செய்துவிடும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. விலையும் குறைவு, கிடைப்பதும் எளிது. நெல்லி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் வாங்கித் துண்டாக்கி, காற்றுப் புகாத பையில் உறைபெட்டியில் வைத்தால், உலர்த்துவதைவிட வைட்டமின் சி நன்றாகக் காக்கப்படும். நாளுக்கு ஒரு காயளவு துண்டுகளை எடுத்து மோரிலோ துவையலிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

வைட்டமின் சி எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்ற கேள்வி எழலாம். உணவின் வழியாக நாளுக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரை வரும்போது குடல் அதில் 70 முதல் 90 சதவீதம் வரை ஏற்றுக்கொள்கிறது. ஒரு கிராமுக்கு மேல் போனால் பாதிக்கும் குறைவாகவே ஏற்கிறது. ஏற்றதிலும் மிகுதி சிறுநீரில் போய்விடுகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் உச்சவரம்பு. நெல்லிப்பொடியால் யாரும் அந்த வரம்பைத் தொடப் போவதில்லை. ஆகவே பொடிக்கு அளவு வைப்பதற்குக் காரணம் வைட்டமின் சி அல்ல. டானின்கள், புளிப்பு, இளக்கும் தன்மை, மருந்துகளோடு மோதுதல் ஆகிய நான்குமே காரணம்.

இவற்றுள் அதிகம் கவனிக்கப்படாதது இரும்போடு டானின் சேரும் சேர்க்கை. இதைச் சமையலறையிலேயே கண்ணால் பார்க்கலாம். அரை டம்ளர் நீரில் ஒரு சிட்டிகைத் திரிபலாவைக் கலக்கித் தெளிய விட்டு, துரு தேய்த்த ஓர் இரும்பு ஆணியை அதில் போட்டால், சற்று நேரத்தில் ஆணியைச் சுற்றிக் கருநீலம் படரும். ஒரு மணி நேரத்தில் நீர் மை போலாகும். தலைமுடிக்கு நெல்லிப்பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைக்கும்போது கறுப்பதும் இதே வினைதான். வயிற்றிலும் இதேபோல டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட இரும்பைக் குடல் உறிஞ்ச முடியாது. வைட்டமின் சி கீரை, பயறு ஆகியவற்றின் இரும்பை உறிஞ்ச உதவும் என்பது உண்மை. ஆனால் வைட்டமின் சி தேய்ந்து டானின் மட்டும் மிஞ்சியிருக்கும் பழைய பொடியில் அந்த உதவி குறைந்து தடை கூடுகிறது. சோகை உள்ளவர்களும் இரும்பு மாத்திரை எடுப்பவர்களும் திரிபலாவையோ நெல்லிப்பொடியையோ உணவோடும் மாத்திரையோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

இப்போது அளவு. ஆயுர்வேத மருந்து நூல்கள் கடுக்காய், தான்றிக்காய், நெல்லி ஆகிய ஒவ்வொன்றின் பொடிக்கும் நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்று சொல்கின்றன. இன்றைய உணவும் மருந்தும் கலந்த வாழ்க்கைக்கு அந்த வரம்பின் கீழ் எல்லையில் தொடங்குவதே பொருத்தம். வளர்ந்த, வேறு நோயில்லாத ஒருவருக்குத் திரிபலா 3 கிராம், அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டி, இரவு உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில். அது போதவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து 5 கிராம். எந்த நிலையிலும் 6 கிராமைத் தாண்டத் தேவையில்லை. நெல்லிப்பொடி தனியாக எடுப்பவருக்கும் 3 கிராம் போதும்; இரண்டையும் எடுப்பவர் இரண்டும் சேர்ந்து 6 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளலாம். கரண்டி என்பது அளவுகோலாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மட்டமாகத் தட்டிய தேக்கரண்டி 3 கிராம் என்றால், குவித்து எடுத்தது 5 அல்லது 6 கிராம். ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால் இந்த ஐயம் தீரும். தராசு இல்லாதவர்க்கு இன்னொரு வழி: 100 கிராம் புட்டி ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டும். பதினைந்து நாளில் காலியானால் அளவு இருமடங்காகியிருக்கிறது.

கொதிக்கும் நீரில் கலக்க வேண்டியதில்லை. மீதமுள்ள வைட்டமின் சி-யும் போய்விடும். கலந்ததும் குடித்துவிட வேண்டும். குடித்தபின் வாயை நீரால் கொப்பளித்தால் பல் எனாமல் புளிப்பால் தேய்வது குறையும். தேன் அனுபானமாகச் சேர்ப்பவர் அதையும் சர்க்கரைக் கணக்கில் வைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு வெறும் நீரே போதும்.

எத்தனை நாள் என்பதும் அளவின் ஒரு பகுதிதான். மலச்சிக்கலுக்கு எடுப்பவர் இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்தபின் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்திய வாரத்தில் கழிவு ஒழுங்காக இருந்தால் பொடி இனித் தேவையில்லை. மறுபடி சிக்கல் வந்தால் உணவில் நார், நீர், நடை ஆகியவற்றைச் சரிசெய்து, அதன் பிறகும் தேவைப்பட்டால் மீண்டும் எடுக்கலாம். ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் எடுப்பதன் விளைவைச் சொல்லப் பெரிய, நீண்ட ஆய்வுகள் இல்லை; இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நீண்டவை. இடையிடையே நிறுத்துவதற்கு இது போதிய காரணம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். 54 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின், சோகைக்கு இரும்பு மாத்திரை எடுக்கிறார். காலையில் தைராய்டு மாத்திரை போட்ட கால் மணி நேரத்தில் குவித்த ஒரு கரண்டி நெல்லிப்பொடி. காலை உணவுக்குப் பின் இரும்பு மாத்திரையும் தேநீரும். இரவில் குவித்த இரண்டு கரண்டித் திரிபலா. ஒரு நாளில் மொத்தம் 15 கிராமுக்கு மேல் பொடி. நாளுக்கு மூன்று முறை இளகிய மலம், வயிற்றில் இரைச்சல், மூன்று மாத மாத்திரைக்குப் பிறகும் ஏறாத ஹீமோகுளோபின், திடீரென்று கூடிய டி.எஸ்.ஹெச். அளவு. இவை நான்கும் தனித்தனித் தொல்லைகளாகத் தெரியும். நான்கின் பின்னாலும் பொடிக்கும் நேரத்துக்கும் பங்கு இருக்கக்கூடும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் நீரோடு மட்டும் போக வேண்டியது. பின்னாலேயே வரும் எதுவும் அதன் உறிஞ்சுதலைக் குறைக்கலாம். இரும்பு தேநீரின் டானினாலும் பொடியின் டானினாலும் பிடிபடுகிறது; போதாக்குறைக்குத் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டியதும் அதுதான்.

மாற்றம் எளியது. காலையில் தைராய்டு மாத்திரையும் நீரும் மட்டும். நெல்லிப்பொடி நிறுத்தம், அதற்குப் பதில் மதிய உணவோடு பாதி கொய்யா. இரும்பு மாத்திரை மாலை நான்கு மணிக்கு எலுமிச்சை நீரோடு. அதை ஒட்டித் தேநீரோ காப்பியோ இல்லை. திரிபலா இரவு ஒன்பது மணிக்கு ஒரு மட்டக் கரண்டி. முதல் வாரத்தில் மலம் நாளுக்கு ஒருமுறை, உருவோடு வந்தால் அந்த அளவே சரி. இளக்கம் தொடர்ந்தால் அரைக் கரண்டி, அதுவும் வேண்டாமென்றால் நிறுத்தம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில், டி.எஸ்.ஹெச்.-ஐயும் ஹீமோகுளோபினையும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவது பற்றிப் பேசும்போது பொடி எடுத்ததையும் நிறுத்தியதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நாட்டு மருந்துதானே என்று இதைச் சொல்லாமல் விடுவதால் தேவையற்ற அளவு மாற்றங்கள் நடக்கின்றன.

இன்னும் சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நெல்லிக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் போக்கும், இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைச் சற்றுத் தடுக்கும் போக்கும் சிறு ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. ஆகவே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும், வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமை மருந்து எடுப்பவர்களும் கேட்டே தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே பொடியை நிறுத்துவது நல்லது. கருவுற்றவர்கள் கடுக்காய் சேர்ந்த எதையும் தவிர்ப்பது நீண்ட நாள் வழக்கம். அதைத் தொடர்வதே சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நாள்தோறும் கொடுக்கும் பொடி இதுவல்ல.

மலச்சிக்கல் எல்லாமே பொடிக்கு அடங்குவதும் அல்ல. மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காரணமின்றி எடை குறைதல், 45 வயதுக்குப் பின் திடீரென்று மாறிய கழிவுப் பழக்கம், காற்றும் பிரியாமல் வயிறு உப்பி வாந்தி வருதல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் திரிபலா எடுத்து நாள் கடத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளம். இவை ஒன்றும் இல்லாமல் இரண்டு வாரம் சரியான அளவில் எடுத்தும் மாற்றமில்லை என்றாலும் மருத்துவரைப் பார்ப்பதே வழி. அளவைக் கூட்டுவது அல்ல.

பொடியின் தரமும் அளவைப் பாதிக்கும். கடைப் பொட்டலத்தில் முதலில் பார்க்க வேண்டியது சேர்மானப் பட்டியல். மலச்சிக்கல் சூரணம் என்று விற்கும் பலவற்றில் திரிபலாவோடு நிலவாகை அல்லது நிலாவாரை இலையும் சேர்ந்திருக்கும். அது குடலைத் தூண்டி வேலை செய்யும் வலுவான பேதி மருந்து. நாள்தோறும் எடுக்க ஏற்றதல்ல. ஒரு கரண்டித் திரிபலாவுக்கே முறுக்கி வலித்துப் போகிறது என்பவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் புலப்படும். மருந்தாக விற்கும் சூரணத்தில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை இருக்கும். உணவாக விற்கும் நெல்லிப்பொடியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கும். இவை எதுவுமில்லாமல் நெகிழிப் பையில் கட்டி விற்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது, எப்போது அரைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெல்லிமுள்ளி, கடுக்காய்த் தோடு, தான்றிக்காய்த் தோடு என்று விதை நீக்கியதாகக் கேட்டு வாங்க வேண்டும். முழுக் கடுக்காய் வாங்கினால் உள்ளிருக்கும் கொட்டையைக் கட்டாயம் நீக்க வேண்டும். அதைச் சேர்க்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை விதி. கொட்டை கணிசமான எடை உடையது. ஆகவே முழுக் காயை 100 கிராம் நிறுத்துச் சேர்த்தால் தோடு 100 கிராம் வராது, விகிதம் பிசகும். மூன்றையும் அரை நாள் வெயிலில் காயவைத்து, தனித்தனியே இடித்து, தனித்தனியே மெல்லிய துணியில் சலித்து, சலித்த பொடியை நிறுத்துக் கலக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் கடினமான கடுக்காயே அதிகமாகக் கப்பியில் தங்கும்; கப்பியைக் கொட்டும்போது கடுக்காய் குறைந்த, வேலை செய்யாத சூரணம் கிடைக்கும். ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் நெல்லியைக் கூட்டிச் செய்யும் வழக்கமும் உண்டு. அதில் நெல்லி பாதிக்கு மேல் இருப்பதால் புளிப்பு கூடும், இளக்கம் குறையும். எந்த விகிதம் என்று புட்டியின் மேல் எழுதிவைத்தால் ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் தவறாகப் பின்பற்ற மாட்டார்.

கண்ணாடிப் புட்டி, இறுகிய மூடி, ஈரமற்ற கரண்டி, வெளிச்சம் படாத அலமாரி ஆகியவையே பாதுகாப்பு. நெல்லிப்பொடி ஈரத்தை வேகமாக இழுக்கும். கட்டி தட்டுவது முதல் அறிகுறி. வெளிர் நிறம் மாறிக் கரும்பழுப்பாவது காற்றுப்பட்டுச் சத்து இழந்ததன் அறிகுறி. மக்கல் வாடையோ வெண்புழுதியோ தெரிந்தால் பூஞ்சை. பூஞ்சை பிடித்த பொடியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பூஞ்சை விட்டுச்செல்லும் நஞ்சு வெயிலில் போகாது. ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதத்துக்கு மட்டும் போதுமான அளவு அரைப்பதோ வாங்குவதோ இந்தச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

சுருக்கமாக, செரிமானத்துக்கு இரவில் ஒரு மட்டத் தேக்கரண்டித் திரிபலா, சில வாரங்கள், இடையில் ஒரு வாரம் நிறுத்தம். வைட்டமின் சி-க்கு ஒரு பச்சை நெல்லி அல்லது பாதி கொய்யா. பச்சை நெல்லி கிடைக்காத நாளில் உணவுக்குப் பின் ஒரு மட்டக் கரண்டி நெல்லிப்பொடி. இரண்டும் சேர்ந்தாலும் 6 கிராமுக்குள். மாத்திரைகளுக்கு இடைவெளி, நீர்த்த மலம் வந்தால் குறைப்பு. பிறருக்குப் பொடி கொடுக்கும் குடும்பங்கள் புட்டியோடு இந்த அளவையும், தயாரித்த தேதியையும், யார் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.